கடிதத்தின் மூன்றாம் பந்தி

ஜெரோமிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று தலவாக்கலையில் நிரஞ்சனின் கொமினிகேஷன் கடைக்குள் நுழைந்து, கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்த மறு நிமிடமே இரண்டு காதும் சிவந்துவிட்டன.

திரையில் இருந்தது அவளுடைய விண்ணப்பக் கடிதம். அவள் எழுதியதல்ல, நிரஞ்சன் அவளுக்காக எடுத்து வைத்திருந்தது. ‘நான் தேயிலைத் தோட்டத்து வறிய தொழிலாளர் குடும்பமொன்றின் பிள்ளை. பல கஷ்டங்களின் மத்தியில் படித்தேன். தாங்கள் தயவுகூர்ந்து இந்த வேலையைத் தந்தால் நானும் என் குடும்பமும் தங்களுக்கு என்றென்றும் நன்றியுடன் இருப்போம்’ என்று நல்ல இங்கிலிஷில் உருகி வழிந்தது.

“இது என்னாண்ணே?”

“ஒங்க லெட்டருதான் தங்கச்சி. பேரு, அட்ரஸ், கம்பெனிப் பேரு மட்டும் மாத்துனா போதும். இந்த வருசம் பதினேழு பேருக்கு இதத்தான் அடிச்சுக் குடுத்திருக்கேன்.”

“அதுல எத்தன பேருக்கு வேல கெடைச்சிச்சு?”

நிரஞ்சன் மேலே பார்த்து யோசித்தான். “ஒருத்தருக்குக் கெடைச்சிச்சு. அவருக்கு அவுங்க மாமா வாங்கிக் குடுத்தாரு.”

“அப்ப இத அழிங்க.”

“என்னா தங்கச்சி, இப்புடி எழுதுனாத்தான் அவுங்களுக்கு மனசு எளகும்.”

“எளகவும் வேணாம், உருகவும் வேணாம். நான் என்னா மடிப்பிச்சையா கேக்கப் போறேன்? நாலு வருசம் மட்டக்களப்புல மண்ணையும் வெதையையும் படிச்சிட்டு வந்திருக்கேன். நகருங்க, நானே அடிக்கிறேன்.”

நிரஞ்சன் நல்ல மனிதன், சும்மா ஏன் வம்பு என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தான். ஜெரோமி கையிலிருந்த பேப்பர் துண்டை விரித்தாள். மலைத்தளிர் விதை நிறுவனம், நுவரெலியாக் கிளை. வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் தேவை. விவசாயப் பட்டம், தமிழும் சிங்களமும், மோட்டார் சைக்கிள் லைசன். மூன்றும் அவளிடம் இருந்தன. லைசன் எடுத்து இரண்டு மாதம்தான், அதுவும் சின்னம்மா மகனின் பழைய பைக்கில் வட்டகொடை ஸ்டேஷன் ரோட்டில் விழுந்து விழுந்து பழகியது.

கீழே கடமைகள் என்று ஐந்து வரி. விவசாயிகளைச் சந்தித்தல், மாதிரிப் பாத்தி அமைத்தல், முறைப்பாடுகளைப் பார்வையிடல், அறிக்கை அனுப்புதல். நாலாவதாக ஒன்று இருந்தது: முகவர் கடைகளில் விதை வைக்கப்பட்டிருக்கும் நிலையை மாதந்தோறும் பரிசோதித்தல். அந்த வரியை முதல்தரம் வாசித்த நாளிலிருந்து அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

முதல் பந்தியில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று எழுதினாள். இரண்டாவதில் பட்டம், பரீட்சைச் சித்தி, மொழி. அதுவரை எல்லாரும் எழுதுகிற மாதிரித்தான். மூன்றாவது பந்தி தொடங்கியதும் விரல்கள் விசைப்பலகையை மிதிக்கத் தொடங்கின. நிரஞ்சன் ஒருதரம், “மெல்லங்க, போன கெழமதான் மாத்துனேன்” என்றான். அந்தப் பந்தி தமிழில் இப்படி வரும்:

‘முகவர் கடைகளைப் பரிசோதிப்பது இந்தப் பதவியின் கடமை என்று தங்கள் விளம்பரம் சொல்கிறது. சென்ற சித்திரையில் எங்கள் தோட்டத்தில் பதினான்கு குடும்பங்கள் தங்கள் முகவர் ஒருவரிடம் போஞ்சி விதையைச் சில்லறையாக வாங்கி விதைத்தன. பாதிகூட முளைக்கவில்லை. மிஞ்சியிருந்த விதையில் இருநூறை எடுத்து, ஈரக் கடதாசியில் சுருட்டி, ஒன்பது நாள் வைத்து எண்ணினேன். ஒரு நூறில் நாற்பத்தாறு முளைத்தது, மற்ற நூறில் நாற்பத்தொன்று. அதே கடையில் உடைக்காத பைக்கற் ஒன்று வாங்கி, அதே இடத்தில் அதே விதமாக வைத்தேன். தொண்ணூறும் தொண்ணூற்றிரண்டும் முளைத்தன. ஆகவே தங்கள் விதை நல்லது. அதைத் திறந்த பீப்பாயில் கொட்டி, ஈரச் சுவருக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வைத்து விற்றதுதான் பிழை. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார், ரோட்டில் நின்று பேசிவிட்டுப் போனார். எனக்கு இந்த வேலை கிடைத்தால் நான் ரோட்டில் நிற்க மாட்டேன்.’

கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் சேர்த்து, பற்றுச்சீட்டைப் பைக்குள் வைத்த பிறகுதான் காது பழைய நிறத்துக்கு வந்தது.

சித்திரையில் நடந்ததை அவள் மறக்கிற மாதிரி இல்லை. அவர்கள் தோட்டத்தில் ஒரு முழுப் பைக்கற் போஞ்சி விதை வாங்குகிற வசதி யாருக்கும் கிடையாது. லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ஆளுக்கொரு துண்டுச் சரிவு, அதற்கு அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ போதும். அதனால் டவுனில் கம்பெனி முகவரான சின்னராசா முதலாளியின் கடையில் பெரிய பைக்கற்றை உடைத்துப் பீப்பாயில் கொட்டி, கேட்ட அளவை நிறுத்து, பேப்பரில் பொட்டலம் கட்டித் தருவார்கள். பொட்டலத்தில் தொகுதி இலக்கமும் இருக்காது, திகதியும் இருக்காது. சீட்டும் தரமாட்டார்கள். காலகாலமாக அப்படித்தான், யாரும் கேட்டதுமில்லை.

விதை முளைக்காமல் போனதும் ஜெரோமி கம்பெனியின் அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். “தொகுதி இலக்கம்?” என்றார்கள். “பொட்டலத்துல வாங்குனது” என்றாள். “பில்?” என்றார்கள். இல்லை என்றாள். “அப்படியென்றால் பதிய முடியாது” என்று வைத்துவிட்டார்கள். கொழும்புக்குக் கடிதம் போட்டாள், அதற்கும் இரண்டு வரியில் அதே பதில். ஏழெட்டுத் தரம் தொல்லை கொடுத்த பிறகு, பதியாமலே சும்மா ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வெளிக்கள உத்தியோகத்தர் வந்தான். வினோஜன் என்று பெயர்.

வந்தவன் பைக்கை ரோட்டில் நிறுத்தினான். கீழே நாற்பது அடி இறங்கினால் பாத்தி. அவன் இறங்கவில்லை. சப்பாத்தைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான், மேலேயே நின்று கையை நீட்டினான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வைக் கண்டாக்கு நிற்பானே, அதே நிற்பு. “ஆழமாப் போட்டிருக்கீங்க. தண்ணியும் கூடிப்போச்சு. நீங்க வெதச்ச பிழைக்குக் கம்பெனி என்னா செய்யும்?” என்றான். பதினான்கு குடும்பத்து ஆட்களும் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெரோமியின் அப்பா பத்திநாதன்தான் முன்னால் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, “சரிங்க சேர்” என்றார்.

வினோஜனை விட அந்தச் ‘சரிங்க சேர்’தான் அவளை அதிகம் கொளுத்தியது. அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அதற்கு மறுநாள்தான், முளைக்காமல் வெறுமையாய்ப் போன இடத்தில் ஊன்ற என்று அப்பா டப்பாவில் மிச்சம் வைத்திருந்த விதையை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். ஒப்பிட்டுப் பார்க்கிற முழுப் பைக்கற்றுக்குச் சின்னம்மாவிடம் கடன் வாங்கினாள்.

கடிதம் போட்டு மூன்றாவது கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மா சிசிலி கொழுந்து பறிக்கப் போகாமல் அரைநாள் நின்று அவளுக்குச் சேலை கட்டிவிட்டாள். “வெளிக்கள உத்தியோகம்னா என்னா, கண்டாக்கு வேலையா?” என்று கேட்டாள். “ஏறி எறங்குற வேலம்மா” என்றாள் ஜெரோமி. அவளுக்கு அந்த வேலை வேண்டும். கோபத்தையெல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டுச் சொன்னால், உயிரை விட்டாவது வேண்டும் என்கிற அளவுக்கு வேண்டும். கம்பெனிப் பைக்கில் ஒவ்வொரு தோட்டமாகப் போய்ப் பாத்தியில் இறங்கி நிற்பதை அவள் ஒரு வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுவரெலியாக் காரியாலயத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் கிளை முகாமையாளர் ஆரூரன், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். வலப்பக்கம் ஆட்சேர்ப்பைப் பார்க்கும் ஆளணிப் பிரிவின் திலினி மிஸ். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் ஜெரோமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வினோஜன். அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்து மூத்த உத்தியோகத்தர் ஆகிவிட்டான். அவன் விட்டுப்போன இடத்துக்குத்தான் இந்த விளம்பரமே.

முதல் அரைமணி நேரம் நன்றாகப் போனது. முட்டைக்கோவாப் பயிரில் வேர்முண்டு நோய் வந்தால் என்ன செய்வீர் என்று ஆரூரன் கேட்டார். மண்ணின் அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுக் குறைப்பது, அதே பாத்தியில் திரும்பத் திரும்பக் கோவா போடாமலிருப்பது, ஒரு பாத்தி மண்ணை மண்வெட்டியோடு அடுத்ததற்குக் கொண்டுபோகாமலிருப்பது என்று சொன்னாள். திலினி மிஸ் சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்தில் சொன்னாள். ஆரூரன் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். பிறகு வினோஜன் அவளுடைய கடிதத்தை முன்னுக்கு இழுத்தான். மேலே சிவப்பு முத்திரை குத்தி, உள்வரவு இலக்கம் 417 என்று எழுதியிருந்தது.

“இருநூறு வெதையில செஞ்சது ஒரு டெஸ்டா? நானூறு போடணும்னு படிச்சுக் குடுக்கலையா?”

“படிச்சுக் குடுத்தாங்க சேர். மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். அதனாலதான் இருநூறுன்னு ஒளிக்காம எழுதியிருக்கேன்.”

“ஒங்க ஆளுங்க வெதைய ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊற வச்சுத்தானே போடுவாங்க? எனக்குத் தெரியும். நானும் லயத்துல பொறந்தவன்தான்.” அவன் கடிதத்தை விரலால் தட்டினான். “அது ஏன் இதுல இல்ல?”

அவன் சொன்னது உண்மைதான். அப்பா மாலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் விதையைப் போட்டு மூடி வைத்துக் காலையில் எடுத்து ஊன்றுகிறவர். லயத்தில் எல்லாரும் அப்படித்தான். போஞ்சி விதையை அப்படி ஊற வைத்தால் மூச்சுமுட்டித் தோல் வெடிக்கும், பலவீனமான விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதாமல் விட்டாள். எழுதினால் முழுக் குற்றத்தையும் தூக்கி அப்பா தலையில் கட்டிவிடுவார்கள் என்று பயந்தாள்.

“ஊற வச்சாங்க சேர். நான் டெஸ்ட் பண்ணுனது ஊற வைக்காத காஞ்ச வெத. அதுவே பாதிதான் மொளச்சிச்சு.”

“நான் கேட்டது அது இல்ல. ஏன் எழுதல?”

இப்போது காது சிவந்தது. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி. “எழுதாதது பிழைதான். நீங்க ஒண்ணு சொல்லுங்க சேர். ஊற வைக்கிறாங்கன்னு ஒங்களுக்கு நல்லாத் தெரியும். லயத்துல பொறந்தவருன்னு நீங்களே சொல்றீங்க. அன்னைக்கு ரோட்டுல நின்னப்ப, கீழ எறங்கி வந்து ‘இப்புடி ஊற வைக்காதீங்க’ன்னு ஒரு மனுசருகிட்ட சொன்னீங்களா? ஆழம்னீங்க, தண்ணின்னீங்க. தெரிஞ்சத ஏன் நீங்க சொல்லல?”

வினோஜன் முகம் கறுத்தது. திலினி மிஸ் பேனாவை மூடினாள். ஆரூரன் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, “வினோஜன், நீர் கொஞ்சம் வெளியில இரும்” என்றார்.

கதவு சாத்தப்பட்டதும் அவர் குரல் தாழ்ந்தது. “பிள்ளை, உங்களைத்தான் எடுக்க வேணும் எண்டு நானும் மிஸ்ஸும் நினைக்கிறம். வந்த ஆக்களுக்குள்ள நீங்கள்தான் திறம். ஆனா ஒரு சின்னக் கரைச்சல். எடுக்கிற ஆளின்ர ஃபைல் முழுக்கக் கொழும்புக்குப் போகும். இந்தக் கடிதமும் போகும். அங்க இந்த மூண்டாவது பந்தியை ஆரும் வாசிச்சா, முகவர் கடையை மாதாமாதம் ஆர் பார்த்தது, என்ன அறிக்கை போட்டது எண்டு தோண்டத் தொடங்கீடுவினம். அந்த அறிக்கையளில என்ர கையெழுத்தும் கிடக்கு.”

“அதுக்கு நான் என்னாங்க சேர் செய்யணும்?”

“பெரிய வேலை இல்லை. மூண்டாவது பந்தியை எடுத்துப்போட்டு, மிச்சத்தை அப்பிடியே அடிச்சு, பழைய திகதியைப் போட்டு, நாளைக்குப் பின்னேரத்துக்கு முன்னம் கொண்டுவந்து தாங்கோ. இதை நான் கிழிச்சுப்போட்டு அதை வைக்கிறன். அடுத்த மாதம் முதலாம் திகதி வேலைக்கு வரலாம்.”

அவர் கெட்ட மனிதர் மாதிரிச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மழை. ஒரே ஒரு பந்தி. பதினொரு வசனம். அந்தப் பதினான்கு குடும்பத்தின் பேச்சு ஒரு கம்பெனிக் கதவைத் தாண்டி உள்ளே போய் முத்திரை வாங்கியது அந்த ஒரே தடவைதான். தொகுதி இலக்கம் இல்லை, பில் இல்லை என்று துரத்தப்பட்டது, ஒரு வேலை விண்ணப்பத்துக்குள் ஒளிந்துபோய் 417 என்று ஒரு இலக்கம் பெற்றிருந்தது. இப்போது அவளையே அதைக் கிழிக்கச் சொல்கிறார்கள். வேலையும் அதற்குள்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஈரச் சேலையோடு எல்லாவற்றையும் சொன்னாள். சிசிலி கேட்டு முடிக்கு முன்னமே, “எடுத்துறு புள்ள. வேலையில சேந்த பொறகு நீயே போயி கடையப் பாத்துக்கலாம்தானே” என்றாள். அது நியாயமான பேச்சு. ஜெரோமியும் பாதி வழியில் அதையேதான் நினைத்தாள். சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வினோஜனும் ஒரு காலத்தில் நினைத்திருப்பான் என்ற எண்ணம் வந்ததும் அவளுக்கு வாய் கசந்தது.

நாற்று மூடுகிற சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா ஊசியை நிறுத்திவிட்டு, “அவன் என்னா கேட்டான்னு சொன்ன? ஊற வைக்கிறதையா?” என்றார்.

“ஆமாப்பா.”

“ஊற வைக்கக் கூடாதா?”

“போஞ்சிய அப்புடி ராத்திரி முழுக்க வைக்கக் கூடாதுப்பா. நல்ல வெத ஓரளவுக்குத் தாங்கும். நோஞ்சான் வெத செத்துப்போகும்.”

“முப்பது வருசமா அப்புடித்தான் போடுறேன். ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டாவது வருசம் படிக்கிறப்பவே.”

“அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?” அவர் குரல் உயர்ந்தது. அவள் அந்தக் குரலைக் கேட்டுப் பல வருடம். “அவன் ரோட்டுல நின்னுக்கிட்டுச் சொல்லல. நீ வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டுச் சொல்லல. ரெண்டு பேரும் படிச்சவங்கதான்!”

ஜெரோமிக்கு அடி வாங்கிய மாதிரி இருந்தது. லீவில் வரும்போதெல்லாம் அவர் ஊற வைப்பதைப் பார்த்தாள். அப்பா மனம் நோகும் என்று விட்டாள், பிறகு சொல்லலாம் என்று விட்டாள். கடைசியில் கோபத்தில் முளைத்த கணக்கு இரண்டையும் எண்ணி எழுதியவள், தன் வீட்டு அடுப்படியில் நடந்ததை மட்டும் எழுதாமல் விட்டாள்.

“நீங்க அன்னைக்கு ‘சரிங்க சேர்’ன்னு சொன்னீங்களேப்பா,” என்றாள், அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. “அத என்னால தாங்கவே முடியல. அதான் ஒங்க பக்கம் ஒரு சொட்டுப் பிழையும் இல்லன்னு காட்டணும்னு நெனச்சேன்.”

பத்திநாதன் ஊசியைச் சாக்கில் குத்திவைத்தார். “எனக்கு என்னா தெரியும்? ஏதோ நம்ம கையிலதான் பிழையோன்னு எனக்கே ஒரு சந்தேகம். சந்தேகம் இருக்கிறவன் எப்புடி எதுத்துப் பேசுவான்? எவ்வளவு நம்ம பிழை, எவ்வளவு அவுங்க பிழைன்னு அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நான் ஏன் சரிங்க சேருங்கிறேன்?” சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். “முழுசா எழுது. எம் பேரப் போட்டே எழுது. நாளைக்கு நானும் வாறேன்.”

“வேல போயிரும்ங்க,” என்றாள் சிசிலி.

“போனா நான் பதில் சொல்றேன்” என்றார் அப்பா. சிசிலி அடுப்பை ஊதப் போய்விட்டாள். அவள் சட்டிபானையை வைத்த சத்தத்திலேயே அவள் என்ன நினைக்கிறாள் என்பது தெரிந்தது.

மறுநாள் காலை நிரஞ்சன் கடையைத் திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். நிரஞ்சன் பழைய கடிதத்தைத் திரையில் எடுத்துத் தந்தான். மூன்றாவது பந்தியை நிறமிட்டால் ஒரு தட்டில் அழிந்துவிடும். ஜெரோமி ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். அன்றைய திகதியைப் போட்டாள்.

‘வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்கான எனது விண்ணப்பத்தின் தொடர்ச்சி. தங்கள் உள்வரவு இலக்கம் 417.

அந்தக் கடிதத்தின் மூன்றாம் பந்தியை நீக்கித் தரும்படி என்னிடம் கேட்கப்பட்டது. அதில் நீக்க எதுவும் இல்லை, சேர்க்க ஒன்று உண்டு. என் தந்தை பத்திநாதனும் மற்றக் குடும்பங்களும் விதையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து விதைத்தார்கள். அது விதைக்குக் கேடு. அது எனக்குத் தெரிந்திருந்தும் நான் அவர்களிடம் சொல்லவில்லை, தங்களுக்கும் எழுதவில்லை. இரண்டும் என் பிழை. ஊற வைக்காத விதையிலும் பாதிக்கு மேல் முளைக்காதது முகவர் கடையின் பிழை. கடையைப் பாராததும், ஊற வைப்பதை அறிந்தும் சொல்லாததும் தங்கள் உத்தியோகத்தரின் பிழை. எங்கள் பங்கை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். அடுத்த போகத்தில் இரண்டு பாத்தி போட்டு, ஒன்றில் ஊறிய விதையும் மற்றதில் காய்ந்த விதையும் ஊன்றி எங்கள் ஆட்களுக்கே காட்டப்போகிறேன். வேலை தந்தாலும் தராவிட்டாலும் அது நடக்கும். தங்கள் பங்குக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.’

கீழே, பிரதி: தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, தலைமைக் காரியாலயம், கொழும்பு என்று அடித்தாள். தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்துக்கும் ஒரு கோடு போட்டாள். பத்திநாதன் பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாக, நேரமெடுத்துப் போட்டார்.

நிரஞ்சன் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, “தங்கச்சி, இதப் பதினெட்டாவது ஆளுக்கு நான் குடுக்க முடியாது” என்றான். கொழும்புப் பிரதியைத் தபாலில் சேர்த்து, பதிவுச் சீட்டைக் கடிதத்தின் மூலையில் குத்திக்கொண்டு இருவரும் நுவரெலியா பஸ் ஏறினார்கள்.

ஆரூரன் அவளை எதிர்பார்த்துத்தான் இருந்தார். பழைய கடிதம் அவர் மேசையில் தனியாகக் கிடந்தது. ஜெரோமி முதலில் திலினி மிஸ்ஸிடம் போனாள். புதியதை நீட்டி, சிங்களத்தில், “மிஸ், முத்திரை குத்தி நம்பர் போடுங்க” என்றாள். திலினி மிஸ் வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தி, 462 என்று எழுதி, ஆரூரனிடம் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் வாசிக்க வாசிக்க அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. பதிவுச் சீட்டைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். “கொழும்புக்கும் அனுப்பியாச்சோ! இது வேலைக்குப் போடுற கடிதமே, பிள்ளை? இப்பிடி எழுதிப்போட்டு ஆரும் வேலை கேப்பினமே?”

“வேலைக்குப் போடுற கடிதம்தாங்க சேர்,” என்றாள் ஜெரோமி. “நீங்க விளம்பரத்துல போட்டிருக்கீங்களே, கடையப் பாக்கணும், முறைப்பாட்டப் பாக்கணும், அறிக்க அனுப்பணும்னு. அந்த வேலையத்தான் இதுல செஞ்சு காட்டியிருக்கேன்.”

ஆரூரன் இரண்டு கடிதங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். கிழிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அலுத்துப்போன மனிதராகக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். பிறகு அவளை விட்டுவிட்டுப் பின்னால் நின்ற பத்திநாதனைப் பார்த்தார். கையில் துண்டும் சேறு காய்ந்த காலுமாக நிற்கிற ஒருவரிடம் பேசி முடிப்பது சுலபம் என்று நினைத்திருக்கலாம்.

“சரி ஐயா. கடையைப் பாக்க ஒரு ஆளை அனுப்புறம். பிள்ளையின்ர விசயமும் யோசிச்சுச் சொல்லுறம். நீங்கள் போட்டு வாங்கோ.”

ஜெரோமி பல்லைக் கடித்தாள். அடுத்து வரப்போகிற இரண்டு சொல்லையும் அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பெரட்டில் கேட்டிருக்கிறாள், காரியாலய வாசலில் கேட்டிருக்கிறாள், பாத்தியில் கேட்டிருக்கிறாள்.

பத்திநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எப்பங்க சேர்?” என்றார்.

“என்ன?”

“ஆள் அனுப்புறது எப்ப? புள்ளைக்குச் சொல்றது எப்ப?”

ஆரூரன் திலினி மிஸ்ஸைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். “வாற வெள்ளிக்கிழமைக்குள்ள,” என்றார் அவர் கடைசியில், “இரண்டும்.”

“அத ஒரு துண்டுக் கடுதாசியில எழுதித் தாங்க சேர்,” என்றார் பத்திநாதன். “மேல அந்த நம்பரையும் போட்டுத் தாங்க.”

ஆரூரன் மேசையில் பேனாவைத் தேடினார்.